பிப்ரவரியில் கண்ணில் பட்ட சரிவு ஜனவரியில் நடந்தது: கடை விற்பனையிலிருந்து பருவத்தைக் கழித்துப் பார்ப்பது எப்படி

ஒரு தாலுகா ஊரில் ஒரு ரெடிமேடு கடை என்று வைத்துக்கொள்வோம். கணக்கைக் காட்டுவதற்காக உருவாக்கிய கடைதான். ஆனால் ஜவுளிக் கடை வைத்திருப்பவர்களுக்கு எண்களின் ஏற்ற இறக்கம் பழக்கமானதாகவே இருக்கும். மூன்று மாத விற்பனை இப்படி:

- 2024 டிசம்பர்: 5,61,600 ரூபாய்
- 2025 ஜனவரி: 6,19,500 ரூபாய்
- 2025 பிப்ரவரி: 4,16,000 ரூபாய்

ஜனவரியில் விற்பனை 10 சதவீதம் ஏறியது, பிப்ரவரியில் 33 சதவீதம் விழுந்தது. கடைக்காரர் ஜனவரியில் நிம்மதியாக இருப்பார், பிப்ரவரியில் கலங்கிப்போவார். இரண்டும் தவறு. இந்தக் கடை உண்மையில் சறுக்கியது ஜனவரியில்தான். பிப்ரவரியில் எதுவும் நடக்கவில்லை. அதே எண்களிலிருந்து இந்த முடிவுக்கு எப்படி வருவது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். தேவையானது மூன்று வருடத் தினசரி விற்பனைக் கணக்கும் ஒரு விரிதாளும்தான்.

## ஒரு மாத விற்பனைக்குள் இருப்பவை

கல்லாவில் சேரும் ஒரு மாதத் தொகைக்குள் நான்கு விஷயங்கள் கலந்திருக்கின்றன.

1. போக்கு. கடை வளர்கிறதா, தேய்கிறதா என்பது. நமக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான்.
2. பருவம். வருடா வருடம் அதே மாதத்தில் திரும்ப வருவது. பொங்கல், பள்ளி திறப்பு, முகூர்த்த மாதங்கள், ஆடித் தள்ளுபடி, மார்கழி எல்லாம் இதில் அடங்கும்.
3. நாள்காட்டி. மாதத்தில் எத்தனை நாள், எத்தனை ஞாயிறு, நகரும் பண்டிகை எந்த மாதத்தில் விழுந்தது என்பவை.
4. மிச்சம். மழை, எதிர்க்கடைத் தள்ளுபடி, தெருவைத் தோண்டிப் போட்டது என்று காரணம் சொல்ல முடிந்ததும் முடியாததுமான ஆட்டம்.

இவை ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. கடை சிறிதாக இருந்தபோது பொங்கல் 60,000 ரூபாய் கூடுதலாகத் தந்திருந்தால், கடை இரட்டிப்பான பிறகு பொங்கலும் ஏறக்குறைய 1,20,000 தரும். அதனால் பருவத்தை ரூபாயாகக் கழிக்காமல் விகிதமாக வகுக்க வேண்டும். 'ஜனவரி சாதாரண மாதத்தைப் போல 1.20 மடங்கு' என்பது கடை வளர்ந்த பிறகும் நிற்கும். இந்த மடங்குதான் அந்த மாதத்தின் பருவ எண். 'ஜனவரியில் 90,000 கூடும்' என்பது இரண்டு வருடத்தில் பழசாகிவிடும்.

## போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டால் போதாதா?

பலரும் செய்வது இதுதான். செய்திகளில் வரும் விலைவாசி உயர்வுச் சதவீதமும் பெரும்பாலும் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டதே. ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிட்டால் பொங்கல் இரு பக்கமும் இருக்கும், பருவம் தானாகக் கழிந்துவிடும். இதில் தவறில்லை. ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி வேறு. பன்னிரண்டு மாதத்தில் மொத்தமாக என்ன மாறியது என்பதைத்தான் அது சொல்லும். கடைசி ஒரு மாதத்தில் என்ன மாறியது என்பதைச் சொல்லாது.

நம் கடையின் 2024 ஜனவரி விற்பனை 6,05,500. 2025 ஜனவரி 6,19,500. வருட ஒப்பீட்டில் 2.3 சதவீத வளர்ச்சி. ஆனால் 2024 முழுக்கக் கடை இதைவிட அதிகமாகவே வளர்ந்திருந்தது. பதினோரு மாதம் ஏறியதும் கடைசி மாதம் இறங்கியதும் சேர்ந்து இந்த 2.3 ஆக நிற்கின்றன. இறக்கம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. வருட ஒப்பீடு இதைக் காட்டிக்கொடுக்க இன்னும் சில மாதங்கள் ஆகும். அதற்குள் கோடைக்கான சரக்கு எடுத்து முடிந்திருக்கும்.

## முதல் வேலை: நாட்களைச் சமன் செய்வது

ஜனவரிக்கு 31 நாள், பிப்ரவரிக்கு 28 நாள். இதிலேயே கிட்டத்தட்ட 10 சதவீத வித்தியாசம் போய்விடுகிறது. அதைவிடக் கவனிக்காமல் விடப்படுவது ஞாயிற்றுக்கிழமை. ஜவுளிக் கடையில் ஞாயிறு வியாபாரம் மற்ற நாளைப் போல இரண்டு மடங்கு நடக்கும் இடங்கள் உண்டு. 2024 டிசம்பர் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கியதால் அதில் 5 ஞாயிறு. 2025 ஜனவரியில் 4.

செய்ய வேண்டியது எளிது. பண்டிகை இல்லாத சில மாதங்களை எடுத்து, ஒரு ஞாயிறின் சராசரி விற்பனையை மற்ற நாளின் சராசரியால் வகுக்கவும். நம் கடையில் 2 வருகிறது என்று கொள்வோம். அப்படியானால் சாதாரண நாள் 1 அலகு, ஞாயிறு 2 அலகு.

- 2024 டிசம்பர்: 31 நாள், 5 ஞாயிறு, ஆக 36 அலகு
- 2025 ஜனவரி: 31 நாள், 4 ஞாயிறு, ஆக 35 அலகு
- 2025 பிப்ரவரி: 28 நாள், 4 ஞாயிறு, ஆக 32 அலகு

விற்பனையை அலகால் வகுத்தால் டிசம்பர் 15,600, ஜனவரி 17,700, பிப்ரவரி 13,000 என்று கிடைக்கும். இனி இந்த 'அலகு விற்பனை'யை வைத்தே எல்லாக் கணக்கும்.

இந்த 2 என்பது எல்லாக் கடைக்கும் பொருந்தாது. சந்தை கூடும் ஊரில் சந்தை நாளுக்குத்தான் அதிக எடை வரும். மளிகைக் கடைக்கு வாரநாளைவிட மாதத்தின் முதல் பத்து நாள் முக்கியம். ஆனால் அது ஒவ்வொரு மாதமும் வருவதால் மாத ஒப்பீட்டைக் கெடுக்காது.

கடை மூடியிருந்த நாட்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பொங்கலுக்கு வருடா வருடம் இரண்டு நாள் மூடுவீர்கள் என்றால் அலகில் அதைக் கழிக்காதீர்கள். அது ஜனவரியின் குணம்; பருவ எண்ணுக்குள் தானே போய்ச் சேரும். இங்கேயும் கழித்தால் இரண்டு முறை கழித்ததாகும். ஒரே விதிவிலக்கு, மூடிய நாள் ஞாயிறாக அமைந்துவிடுவது. 2023-ல் பொங்கல் ஜனவரி 15, ஞாயிறு. அந்த மாதத்தில் 5 ஞாயிறு இருந்தும் வியாபாரம் நடந்தது 4-ல்தான். அலகு 36 என்று போட்டிருந்தால் 35 ஆகத் திருத்த வேண்டும்.

## தீபாவளியைத் தனியாக எடுத்து வைப்பது

பருவத்தைக் கழிக்கும் முறைகள் எல்லாம் 'ஒவ்வொரு வருடமும் அதே மாதம்' என்ற அனுமானத்தில் நிற்கின்றன. தமிழ்நாட்டு ஜவுளிக் கடையின் மிகப் பெரிய பருவம் அந்த அனுமானத்துக்கு அடங்காது. தீபாவளி 2022-ல் அக்டோபர் 24, 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20.

இதை அப்படியே விட்டுவிட்டு அக்டோபருக்கு ஒரு பருவ எண் கண்டால் என்ன ஆகும்? 2022 அக்டோபரில் தீபாவளி வியாபாரம் முழுவதும் உண்டு, 2023 அக்டோபரில் கடைசி வாரம் மட்டும் கொஞ்சம் உண்டு. இரண்டின் சராசரி எந்த வருட அக்டோபருக்கும் பொருந்தாது. இது பலருக்கும் புரிந்த சிக்கல்தான்.

புரியாமல் போவது இன்னொன்று. தீபாவளி நகர்வது ஏப்ரல், மே மாதக் கணக்கையும் கெடுக்கும். போக்கைக் கண்டுபிடிக்கப் பன்னிரண்டு மாதச் சராசரி எடுக்கிறோம். அதில் ஒரு வருடத்தின் எல்லாப் பருவமும் ஒரு முறை வந்து சமனாகிவிடும் என்பது நம்பிக்கை. 2024 மே மாதத்தை நடுவில் வைத்தால் அந்தச் சராசரி 2023 நவம்பரில் பாதியிலிருந்து 2024 நவம்பரில் பாதி வரை போகும். அதற்குள் 2023 தீபாவளியில் ஏறக்குறைய பாதியும் 2024 தீபாவளி முழுவதுமாக ஒன்றரைத் தீபாவளி விழுகிறது. 2023 மே மாதத்துக்கோ அரைத் தீபாவளிதான். நம் கடை அளவுக்கு, அரைத் தீபாவளி கூடினால் போக்கு அலகுக்கு ஏறக்குறைய 750 ரூபாய், அதாவது 5 சதவீதம் பொய்யாக உயரும். மே மாதத்தில் எந்தக் குறையும் இல்லாமலே மே மந்தமானதுபோல் தெரியும். காரணம் ஆறு மாதம் தள்ளி இருப்பதால் யாரும் அங்கே தேடுவதில்லை.

தமிழ் மாதக் கணக்குக்கு மாறினால் தீருமா என்று தோன்றலாம். தீபாவளி ஐப்பசியில்தானே வருகிறது? பண்டிகை நாள் வருகிறது, ஆனால் வியாபாரம் அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் நடக்கிறது. 2023-ல் தீபாவளி ஐப்பசி 26. வியாபாரம் ஐப்பசிக்குள் அடங்கியது. 2025-ல் ஐப்பசி 3. வியாபாரம் பெரும்பாலும் புரட்டாசியிலேயே நடந்தது. ஆடி, மார்கழி, தை போன்றவற்றின் தாக்கம் ஆங்கில மாதத்தில் ஒரு நாள் முன்பின்னாக ஒரே இடத்தில் நிற்பதால் அவற்றுக்குத் தமிழ் மாதம் தேவையும் இல்லை.

ஆகவே தீபாவளியைத் தினசரிக் கணக்கிலிருந்தே பிரித்தெடுக்க வேண்டும். 2024-ஐ வைத்துச் செய்து பார்ப்போம்.

1. வழக்கமான அளவு. தீபாவளிக்கு முந்தைய 21 நாள் வியாபாரக் காலம். அதற்கும் முந்தைய 28 நாள், அதாவது செப்டம்பர் 12 முதல் அக்டோபர் 9 வரை, அலகு விற்பனை எவ்வளவு என்று பார்க்கவும். நம் கடையில் 15,000.
2. முன் ஏற்றம். அக்டோபர் 10 முதல் 30 வரை 21 நாள், 3 ஞாயிறு, 24 அலகு. வழக்கமாக 3,60,000 விற்றிருக்கும். விற்றது 11,40,000. கூடுதல் 7,80,000.
3. பின் பள்ளம். அக்டோபர் 31 முதல் நவம்பர் 13 வரை 14 நாள், 2 ஞாயிறு, 16 அலகு. வழக்கம் 2,40,000. விற்றது 1,20,000. குறைவு 1,20,000.
4. தீபாவளியின் நிகர அளவு. 7,80,000-லிருந்து 1,20,000 போக 6,60,000.

மூன்றாவது படியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். வீட்டுக்கு வேண்டிய துணியை முன்கூட்டியே எடுத்துவிட்டவர்கள் அடுத்த இரண்டு வாரம் கடைப் பக்கம் வரமாட்டார்கள். அந்தப் பள்ளமும் தீபாவளியால் வந்ததுதான். ஏற்றத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பள்ளத்தை வைத்துக்கொண்டால் நவம்பர் எப்போதும் நோயாளியாகவே தெரியும்.

இப்போது அந்த 35 நாட்களுக்கும் உண்மையான விற்பனையை எடுத்துவிட்டு வழக்கமான அளவைப் போடவும். அக்டோபர் 12,90,000-லிருந்து 5,25,000 ஆகிறது. 35 அலகுக்கு 15,000. நவம்பர் 3,86,000-லிருந்து 4,91,000 ஆகிறது. 34 அலகுக்கு 14,441. வெட்டாத எண்களில் அக்டோபரிலிருந்து நவம்பருக்கு 70 சதவீத வீழ்ச்சி தெரிந்தது. இப்போது தெரிவது 4 சதவீதம்கூட இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த அக்டோபரில் பாதிக்கும் மேல் நாம் நிரப்பிய எண். அதனால் அக்டோபர், நவம்பர் இரண்டின் திருத்திய எண்ணை மற்ற மாதத்தைப் போல நம்பக் கூடாது. வெட்டி எடுத்த 6,60,000 வீணாகவும் இல்லை. அதைப் போன தீபாவளியின் நிகர அளவோடு ஒப்பிடலாம். தீபாவளியைத் தீபாவளியோடுதான் ஒப்பிட வேண்டும், மாதத்தோடு அல்ல.

## பருவ எண்ணைக் கண்டுபிடிப்பது

தீபாவளி நீக்கிய, அலகால் வகுத்த 36 எண்கள் இப்போது கையில் உள்ளன. 2022 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை. 2024 ஜனவரியின் கணக்கை முழுதாகப் பார்க்கலாம். அதற்கு 2023 ஜூலை முதல் 2024 ஜூலை வரை 13 மாதம் வேண்டும்.

| மாதம் | அலகு விற்பனை |
|---|---|
| 2023 ஜூலை | 13,100 |
| ஆகஸ்ட் | 14,500 |
| செப்டம்பர் | 13,500 |
| அக்டோபர் | 13,700 |
| நவம்பர் | 13,200 |
| டிசம்பர் | 14,300 |
| 2024 ஜனவரி | 17,300 |
| பிப்ரவரி | 12,700 |
| மார்ச் | 12,400 |
| ஏப்ரல் | 15,100 |
| மே | 16,400 |
| ஜூன் | 15,900 |
| ஜூலை | 13,900 |

ஏன் 12 அல்ல, 13? பன்னிரண்டு இரட்டைப்படை, நடுவில் ஒரு மாதம் நிற்காது. அதனால் இரு ஓரத்து ஜூலைகளையும் பாதி பாதியாக எடுக்கிறோம். இரண்டு பாதி சேர்ந்து ஒரு ஜூலை. மொத்தம் பன்னிரண்டு மாதமே, ஆனால் ஜனவரி சரியாக நடுவில்.

இரு ஜூலைகளின் பாதி 6,550, 6,950, சேர்த்து 13,500. நடுவிலுள்ள 11 மாதங்களின் கூட்டுத்தொகை 1,59,000. மொத்தம் 1,72,500. பன்னிரண்டால் வகுத்தால் 14,375. பொங்கல் என்ற ஒன்றே இல்லாதிருந்தால் 2024 ஜனவரி ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும். உண்மையில் இருந்தது 17,300. விகிதம் 17,300 ÷ 14,375 = 1.203.

இதையே 2023 ஜனவரிக்குச் செய்தால் 1.19 வருகிறது என்று கொள்வோம். இரண்டின் சராசரி 1.197. இப்படிப் பன்னிரண்டு மாதத்துக்கும் கண்டுபிடித்து அவற்றைக் கூட்டிப் பார்க்க வேண்டும். சரியாக 12 வராது. நம் கடையில் 11.97 வந்ததாகக் கொண்டால், ஒவ்வொன்றையும் 12 ÷ 11.97-ஆல் பெருக்க வேண்டும். ஜனவரி 1.20 ஆகிறது. இதைச் செய்யாவிட்டால் வருட மொத்தம் சத்தமில்லாமல் கூடும் அல்லது குறையும்.

விரிதாளில் A நிரலில் ஒவ்வொரு மாதத்தின் முதல் தேதி, B-யில் தீபாவளி நீக்கிய விற்பனை இருக்கட்டும். 2022 ஜனவரி இரண்டாம் வரிசையில் தொடங்கினால் சூத்திரங்கள் இவை:

```
C2:  =2*(EOMONTH(A2,0)-A2+1)-NETWORKDAYS.INTL(A2,EOMONTH(A2,0),11)
D2:  =B2/C2
E8:  =(D2/2+SUM(D3:D13)+D14/2)/12
F8:  =D8/E8
```

C அலகு எண்ணிக்கை. மாத நாட்களை இரட்டித்து, ஞாயிறு அல்லாத நாட்களைக் கழித்தால் 'நாள் + ஞாயிறு' கிடைத்துவிடும். D அலகு விற்பனை, E போக்கு, F விகிதம். E எட்டாம் வரிசையில், அதாவது 2022 ஜூலையில்தான் தொடங்கும். 31-ஆம் வரிசையில், 2024 ஜூனில் முடியும். முதல் ஆறு மாதத்துக்கும் கடைசி ஆறு மாதத்துக்கும் போக்கு கிடைக்காது. 36 மாதம் கொடுத்தும் ஒரு மாதத்துக்கு இரண்டே விகிதம் கிடைப்பது இதனால்தான். ஒரு வருடக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்யவே முடியாது.

நம் கடையின் பருவ எண்கள்: ஜனவரி 1.20, பிப்ரவரி 0.88, மார்ச் 0.85, ஏப்ரல் 1.04, மே 1.12, ஜூன் 1.08, ஜூலை 0.94, ஆகஸ்ட் 1.03, செப்டம்பர் 0.96, அக்டோபர் 0.97, நவம்பர் 0.93, டிசம்பர் 1.00.

## வகுத்துப் பார்த்தால்

அலகு விற்பனையைப் பருவ எண்ணால் வகுத்தால் கிடைப்பது திருத்திய விற்பனை.

| மாதம் | கல்லா விற்பனை | அலகு விற்பனை | பருவ எண் | திருத்தியது |
|---|---|---|---|---|
| 2024 அக்டோபர் | 12,90,000 | 15,000 | 0.97 | 15,464 |
| நவம்பர் | 3,86,000 | 14,441 | 0.93 | 15,528 |
| டிசம்பர் | 5,61,600 | 15,600 | 1.00 | 15,600 |
| 2025 ஜனவரி | 6,19,500 | 17,700 | 1.20 | 14,750 |
| பிப்ரவரி | 4,16,000 | 13,000 | 0.88 | 14,773 |

கடைசி நிரலை மேலிருந்து கீழே படித்தால் கதை வேறு. டிசம்பர் வரை மெல்ல ஏறிக்கொண்டிருந்த கடை, ஜனவரியில் 5.4 சதவீதம் இறங்கி, பிப்ரவரியில் அங்கேயே நிற்கிறது. பொங்கல் கூட்டம் வந்தது உண்மை. ஆனால் வழக்கமான பொங்கல் அளவுக்கு வரவில்லை. பிப்ரவரியில் கடை காலியாகக் கிடந்ததும் உண்மை. ஆனால் பிப்ரவரி எப்போதும் அப்படித்தான் கிடக்கும்.

ஆகவே காரணம் தேட வேண்டிய இடம் டிசம்பர் கடைசியும் ஜனவரியும். புதுச் சரக்கு எப்போது வந்தது, எந்த அளவுகள் தீர்ந்துபோயிருந்தன, பக்கத்தில் எந்தக் கடை திறந்தது என்று அங்கேதான் விசாரிக்க வேண்டும். பிப்ரவரி கல்லாவைப் பார்த்துவிட்டு மார்ச்சில் தள்ளுபடிப் பலகை தொங்கவிடுவது, வந்திராத நோய்க்கு மருந்து.

## 5.4 சதவீதம் பெரிதா, சிறிதா?

பருவத்தையும் நாட்களையும் கழித்த பிறகும் மிச்சம் இருக்கிறது. அது வழக்கமாக எவ்வளவு ஆடும் என்று தெரியாமல் 5.4-ஐ எடைபோட முடியாது. அதை அளக்கவும் அதே விரிதாள் போதும். F நிரலில் உள்ள 24 விகிதங்களை ஒவ்வொன்றாக அந்தந்த மாதப் பருவ எண்ணால் வகுக்கவும். 1-லிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, விலகலின் சராசரியை எடுக்கவும்.

நம் கடையில் அது 2 சதவீதம் என்று கொள்வோம். இரண்டு மாதத்தை ஒப்பிடும்போது இரண்டின் ஆட்டமும் சேரும், இரட்டிப்பாகாது, 1.4 மடங்கு ஆகும். ஆக, எதுவும் நடக்காமலேயே மாதத்துக்கு மாதம் 3 சதவீதம் ஏறி இறங்குவது இந்தக் கடைக்குச் சாதாரணம். தவிர, பருவ எண் இரண்டே விகிதத்தின் சராசரி என்பதால் இரண்டும் அதை ஒட்டியே தெரியும். உண்மையான ஆட்டம் இந்த 2-ஐவிட அதிகமாக இருக்கும், 3-க்கு அருகில் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

அப்படிப் பார்த்தால் ஜனவரியின் 5.4 சந்தேகத்துக்கு உரியது, தீர்ப்புக்குப் போதாது. பிப்ரவரி அதே மட்டத்தில் நின்றதுதான் கனம் சேர்க்கிறது. தற்செயலான சறுக்கலாக இருந்தால் அடுத்த மாதம் 15,500 பக்கம் திரும்பியிருக்கும். ஒரு மாதம் விலகினால் குறித்துவைப்பது, இரண்டாவது மாதமும் அங்கேயே நின்றால் நடவடிக்கை என்பது சிறு கடைக்கு ஏற்ற விதி.

## எங்கே ஏமாற்றும்

ரம்ஜான். இது வருடத்துக்கு 11 நாள் அளவில் முன்னால் நகரும். 2023-ல் ஏப்ரல் 22, 2024-ல் ஏப்ரல் 11, 2025-ல் மார்ச் 31. மேலே கண்ட பருவ எண்ணில் ரம்ஜான் வியாபாரம் பெரும்பாலும் ஏப்ரலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2025-லோ அது முழுக்க மார்ச்சில் நடந்தது. ரம்ஜான் துணி எடுக்கும் வாடிக்கையாளர்கள் கணிசமாக உள்ள கடையில், மார்ச்சை 0.85-ஆல் வகுத்தால் கடை திடீரென்று எழுந்து நின்றதுபோலவும், ஏப்ரலை 1.04-ஆல் வகுத்தால் மறுபடி படுத்ததுபோலவும் தெரியும். தீபாவளிக்குச் செய்த அதே அறுவைச் சிகிச்சையை, நாட்களைக் கடைக்கு ஏற்ப மாற்றி, இதற்கும் செய்ய வேண்டும். ஜனவரிச் சறுக்கலிலிருந்து மீண்டோமா என்று பார்க்கும் அதே மாதத்தில் இந்தப் பொறி காத்திருக்கிறது.

ஆடித் தள்ளுபடி. விற்பனையை ரூபாயில் அளந்தால் 30 சதவீதத் தள்ளுபடியும் கலந்தே வரும். ஒரு வருடம் தள்ளுபடியை ஜூலை நடுவில் தொடங்கி, அடுத்த வருடம் ஜூன் கடைசியிலேயே தொடங்கினால் பருவம் மாறவில்லை, கடைக்காரர் மாறினார். பருவ எண்ணுக்கு அது தெரியாது. இத்தகைய மாதங்களில் ரூபாயோடு பில் எண்ணிக்கையையும் இதே முறையில் தனியாகத் திருத்திப் பார்ப்பது நல்லது. பில் குறையாமல் ரூபாய் மட்டும் குறைந்தால் ஆள் வரத்து போகவில்லை என்று பொருள்.

ஒற்றைப் பெரிய ஆர்டர். பள்ளிச் சீருடை ஆர்டர் 80,000-க்கு ஒரு வருடம் மட்டும் ஜூனில் வந்திருந்தால், ஜூனின் பருவ எண் அதை வருடா வருடம் எதிர்பார்க்கும். அடுத்த ஜூன் தோற்றதாகவே காட்டும். கணக்குத் தொடங்கும் முன் இவற்றைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இரண்டு ஜூன் விகிதங்கள் 1.02, 1.21 என்று தூரமாக நின்றால் இப்படி ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று அறியலாம்.

ஊரடங்கு மாதங்கள். மூன்று வருடம் போதாது, ஐந்தாறு வருடம் சேர்ப்போம் என்று 2020, 2021 எண்களை உள்ளே இழுக்கக் கூடாது. 2020 ஏப்ரலில் கடையே திறக்கவில்லை. அந்தப் பூஜ்யம் ஏப்ரல் பருவ எண்ணை மட்டுமல்ல, பன்னிரண்டு மாதச் சராசரி வழியாக அதற்கு முன்னும் பின்னும் ஆறு மாதத்தையும் கெடுக்கும்.

வரி. விற்பனையை ஜிஎஸ்டிக்கு முந்தைய தொகையாக எடுக்கவும். ஆயத்த ஆடைகளுக்கான வரி விகிதம் 2025 செப்டம்பர் 22-ல் மாறியது. வரியோடு சேர்த்து எழுதிவந்த கணக்கில் அந்த மாற்றம், அதுவும் தீபாவளி வியாபாரம் தொடங்கும் நேரத்தில், விற்பனை மாற்றமாகவே தோன்றும்.

பெரிய புள்ளிவிவர அலுவலகங்கள் இதே வேலைக்கு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் `X-13ARIMA-SEATS` போன்ற மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. அதன் ஒரு பாகத்தின் அடிப்படையும் நகரும் சராசரிதான். நாள் எண்ணிக்கை, ஞாயிறு, நகரும் பண்டிகை ஆகியவற்றுக்கும் அதில் வசதி உண்டு; ஆனால் தீபாவளித் தேதிகளை நாம்தான் ஊட்ட வேண்டும். மூன்று வருடக் கணக்கு உள்ள ஒரு கடைக்கு அது தரும் கூடுதல் துல்லியம் சொற்பம்.

கடைசியாக, திருத்திய எண்கள் கல்லில் செதுக்கியவை அல்ல. 2025 ஜூலை விற்பனை வந்ததும் 2025 ஜனவரிக்கும் ஒரு விகிதம் கிடைக்கும். ஜனவரிக்கு அது மூன்றாவது. அது 1.15 என்று வந்தால் பருவ எண் 1.20-லிருந்து 1.18 ஆகும், 14,750 என்று எழுதிய ஜனவரி சுமார் 15,000 ஆகும், சறுக்கலின் அளவு 5.4-லிருந்து 4 சதவீதத்துக்குக் குறையும். அதனால் பருவ எண்களை மாதாமாதம் மாற்றிக்கொண்டிருக்காமல், வருடத்துக்கு ஒரு முறை, டிசம்பர் கணக்கு முடிந்ததும் புதுப்பித்தால் போதும். பழைய எண்களை அழிக்காமல் பக்கத்து நிரலில் வைத்திருந்தால், எந்த மாதத்து முடிவு எந்தப் பருவ எண்ணை நம்பி எடுக்கப்பட்டது என்பது பின்னால் தெரியும்.